பிடிஎஃப் டேபிளை காப்பி பண்ணா நம்பர் மட்டும் வருது, தலைப்பு எங்க போச்சு?

எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷனோட வரவு செலவு கணக்கு ரெண்டு வருஷமா நான்தான் பாக்குறேன். மாசம் முடிஞ்சா பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்ஃபா மெயில்ல வரும், அத திறந்து டேபிள் முழுக்க செலக்ட் பண்ணி காப்பி அடிச்சு எக்ஸெல்ல பேஸ்ட் பண்ணுவேன். ஜூன் மாச கணக்க குரூப்ல போட்ட அன்னிக்கே ரெண்டாவது மாடி அக்கா போன் பண்ணாங்க, "தம்பி, நாங்க மெயின்டனன்ஸ் கட்டுன 1,500 செலவுக் கணக்குல இருக்கே, திருப்பிக் குடுத்துட்டீங்களா?"னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம். பிடிஎஃப்ல அந்த 1,500 சரியா டெபாசிட்ங்கற தலைப்புக்கு கீழ இருக்கற காலத்துலதான் இருந்துச்சு, நான் பேஸ்ட் பண்ணதுல அது வித்ட்ராயல் பக்கம் வந்து உக்காந்துருச்சு. இது ஏன் நடக்குதுன்னு தெரிஞ்சா எப்படி சரி பண்றதுன்னும் தெரிஞ்சுரும், அதனால அந்த ஸ்டேட்மென்ட்டயே வச்சு சொல்றேன் (விவரமும் தொகையும் மட்டும் மாத்திருக்கேன்).

பிடிஎஃப்ல கண்ணுக்குத் தெரிஞ்சது இதுதான். ஆறு காலம்: தேதி, விவரம், செக் நம்பர், வித்ட்ராயல், டெபாசிட், பேலன்ஸ். காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணா வந்தது இது:

```
Date Particulars Chq No Withdrawal Deposit Balance
Opening Balance 18,450.00
03-06 EB BILL 2,310.00 16,140.00
05-06 UPI FLAT 2B 1,500.00 17,640.00
05-06 UPI FLAT 3A 1,500.00 19,140.00
07-06 NEFT SECURITY 9,000.00 10,140.00
08-06 LIFT AMC 000412 3,540.00 6,600.00
10-06 UPI FLAT 1C 1,500.00 8,100.00
```

மேல தலைப்பு வரிசைல ஆறு பேர் இருக்கு. கீழ ஒவ்வொரு வரிலயும் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. EB BILL வரில தேதி, விவரம், அப்புறம் ரெண்டே ரெண்டு நம்பர். செக் நம்பர் கட்டமும் டெபாசிட் கட்டமும் அந்த வரில காலி, காலியா இருந்த ரெண்டும் சுத்தமா மறைஞ்சு போச்சு, அதனால 2,310 வித்ட்ராயலா டெபாசிட்டான்னு அந்த வரிய மட்டும் பாத்தா சொல்லவே முடியாது. மின்சார பில்லுன்னு எழுதியிருக்கறதால நமக்குப் புரியுது. UPI FLAT 2B-ன்னு இருந்தா அவங்க குடுத்ததா, நம்ம குடுத்ததா? பிடிஎஃப்ல அந்த நம்பர் எந்த இடத்துல நின்னுச்சோ அந்த இடம்தான் பதில், காப்பில அந்த இடம் வரல.

இப்ப ஏன் வரலங்கறது. நாம பிடிஎஃப்ல பாக்கறது டேபிள்தான், ஆனா அந்த ஃபைலுக்கு உள்ள பெரும்பாலும் டேபிள்னு ஒண்ணு இருக்கறதே இல்ல. பிடிஎஃப்ங்கறது 1993-ல அடோபி கொண்டு வந்தது, எந்த கம்ப்யூட்டர்ல திறந்தாலும் எந்த பிரின்டர்ல அடிச்சாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியணும்ங்கறதுதான் அதோட வேலை. அதனால அதுக்குள்ள இருக்கறது "இந்த எழுத்த இந்த இடத்துல போடு"ங்கற உத்தரவுகள்தான். மேல பாத்த EB BILL வரி ஃபைலுக்கு உள்ள கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
BT
/F1 9 Tf
1 0 0 1 40 610 Tm
(03-06) Tj
1 0 0 1 95 610 Tm
(EB BILL) Tj
1 0 0 1 330 610 Tm
(2,310.00) Tj
1 0 0 1 500 610 Tm
(16,140.00) Tj
ET
```

பயப்பட ஒண்ணுமில்ல, மெதுவா படிச்சா புரியும். Tm-ங்கற வரில கடைசியா இருக்கற ரெண்டு நம்பர்தான் இடம், முதல்ல இடது ஓரத்துலேருந்து எவ்வளவு தூரம், அடுத்தது பக்கத்தோட அடிலேருந்து எவ்வளவு உயரம். அளவு பாயின்ட்ல, ஒரு இன்ச்சுக்கு 72 பாயின்ட், ஒரு ஏ4 பக்கம் 595 பாயின்ட் அகலம் 842 பாயின்ட் உயரம். ஆக இடதுலேருந்து 330, கீழேருந்து 610 தள்ளி "2,310.00"னு எழுது, அவ்வளவுதான் சொல்லுது. வித்ட்ராயல்ங்கற வார்த்தை இந்த உத்தரவுகள்ல எங்கயும் இல்ல, அது மேல வேற ஒரு இடத்துல, அதே மாதிரி இன்னொரு தனி எழுத்தா போட்டிருக்கும், அதுக்கும் இந்த 2,310-க்கும் ஃபைல்ல எந்த சம்பந்தமும் எழுதி வைக்கல. ரெண்டும் நேருக்கு நேர் மேலயும் கீழயும் நிக்கறதால நம்ம கண்ணு சேத்துப் பாக்குது.

காலி கட்டம் இன்னும் மோசம். வேர்டுலயோ எக்ஸெல்லயோ காலி கட்டம்னா அங்க ஒரு கட்டம் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். பிடிஎஃப்ல காலி கட்டத்துக்கு எந்த உத்தரவும் போட வேண்டிய அவசியமே இல்ல, அங்க எதுவும் எழுதல, அவ்வளவுதான். மேல இருக்கற உத்தரவுகள்ல மூணாவது காலத்துக்கோ அஞ்சாவது காலத்துக்கோ ஒரு வரி கூட இல்லன்னு கவனிச்சீங்களா? காப்பி பண்றப்ப எடுத்துட்டு வர அங்க ஒண்ணுமே கிடையாது. சரி, டேபிளைச் சுத்தி கோடு போட்டிருக்கே அத வச்சு கண்டுபிடிக்கக் கூடாதான்னு கேக்கலாம். அந்தக் கோடுகளும் தனியா வரைஞ்ச கோடுகள்தான், எழுத்தோட அதுக்கு ஒட்டுறவு இல்ல, காப்பி பண்றப்ப படமும் கோடும் விட்டுப் போய் எழுத்து மட்டும்தான் வரும்.

காப்பி அடிக்கிறப்ப பிடிஎஃப் ரீடர் என்ன செய்யுதுன்னா, நாம இழுத்த பகுதிக்குள்ள இருக்கற எழுத்துத் துண்டுகள எடுக்குது, ஒரே உயரத்துல இருக்கறத ஒரு வரின்னு அனுமானிக்குது, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா ஒரு ஸ்பேஸ் போடுது. இடைவெளி 10 பாயின்ட்டா இருந்தாலும் சரி 150 பாயின்ட்டா இருந்தாலும் சரி, பெரும்பாலான ரீடர்ல வர்றது அதே ஒரு ஸ்பேஸ். காலத்தப் பத்தின மொத்தத் தகவலும் இருந்தது அந்த இடைவெளியோட அளவுலதான், அது அங்கயே போயிருச்சு.

வேர்டு ஃபைல்லேருந்து காப்பி பண்ணா இப்படி ஆகாது. அங்க டேபிள், வரிசை, கட்டம் மூணும் நிஜமாவே ஃபைல்ல எழுதியிருக்கும், வெறும் டெக்ஸ்ட்டா பேஸ்ட் பண்ணாலும் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல ஒரு டேப் வரும், நடுவுல காலி கட்டம் இருந்தா ரெண்டு டேப் அடுத்தடுத்து வரும், அதனால எக்ஸெல்ல போட்டா எல்லாம் அது அது இடத்துல உக்காரும். பிடிஎஃப்லயும் இதச் செய்ய வழி இருக்கு, டேக் போட்ட பிடிஎஃப்னு சொல்லுவாங்க, Table, TR, TH, TD-ன்னு கட்ட அமைப்ப ஃபைலுக்குள்ளயே எழுதி வைக்கலாம். வேர்டுல Save As போய் பிடிஎஃப்ஃபா சேவ் பண்ணா Options-ல "Document structure tags for accessibility"னு ஒரு டிக் இருக்கும், அதுதான் இது. அதே வேர்டு ஃபைல Microsoft Print to PDF-க்கு பிரின்ட் குடுத்து எடுத்தா பல நேரம் இந்த அமைப்பு வராது, அதனால நீங்க மத்தவங்களுக்கு டேபிள் அனுப்பறவங்களா இருந்தா பிரின்ட் குடுக்காதீங்க, சேவ் பண்ணுங்க. டேக் இருந்தாலும் எல்லா ரீடரும் காப்பி பண்றப்ப அதப் பாக்கும்னு சொல்ல முடியாது, ஆனா பார்வை இல்லாதவங்க ஸ்கிரீன் ரீடர்ல கேக்கறப்ப அது பெரிய வித்தியாசம். டேக் இல்லாத ஸ்டேட்மென்ட்ல அவங்க காதுல விழுறது "1,500.00, 17,640.00"னு ரெண்டு நம்பர், எது என்னன்னு சொல்ல ஆளில்ல. நமக்கு காப்பி பண்ணாத்தான் இந்தத் தொல்லை, அவங்களுக்கு சும்மா படிக்கிறதே இப்படித்தான். எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, எங்க ஸ்டேட்மென்ட்டுக்கு வருவோம். காப்பி பண்ணதுல எது நம்பலாம், எது நம்பக்கூடாதுன்னு பாத்தா, வரியோட இடது பக்கம் ஒரே குழப்பம். விவரத்துல ஒரு வார்த்தை இருக்கலாம் அஞ்சு இருக்கலாம், செக் நம்பர் இருக்கலாம் இல்லாம இருக்கலாம். நான் முதல்ல பண்ண தப்பே இதுதான், எக்ஸெல்ல Text to Columns போய் ஸ்பேஸ் வச்சு பிரிச்சேன், EB BILL ரெண்டு கட்டமா உடைஞ்சுது, UPI FLAT 2B மூணு கட்டமா உடைஞ்சுது, லிஃப்ட் வரில 000412 வந்து தொகை இருக்க வேண்டிய கட்டத்துல 412-ன்னு உக்காந்துச்சு (முன்னாடி இருக்கற சைபர எக்ஸெல் தூக்கிரும்). அத கையால இழுத்து இழுத்து சரி பண்றப்பதான் அந்த அக்கா வீட்டு 1,500 இடம் மாறிப் போச்சு.

ஆனா வலது பக்கம் பாருங்க. எல்லா வரிலயும் கடைசியா இருக்கறது பேலன்ஸ், அது காலியாவே இருக்காது. அது ஒண்ணு கையில கெடச்சாலே மிச்சம் எல்லாத்தையும் மீட்டுடலாம், ஏன்னா இந்த வரி பேலன்ஸ்லேருந்து மேல் வரி பேலன்ஸ கழிச்சா வர்றதுதான் அந்த வரியோட தொகை. கூடியிருந்தா டெபாசிட், குறைஞ்சிருந்தா வித்ட்ராயல்.

பேஸ்ட் பண்ணத பிரிக்காம அப்படியே A காலத்துல விடுங்க, ஒரு வரி ஒரு கட்டம். தலைப்பு A1-ல, ஓப்பனிங் பேலன்ஸ் வரி A2-ல. B2-ல இந்த ஃபார்முலா:

```
=VALUE(SUBSTITUTE(TRIM(RIGHT(SUBSTITUTE(TRIM(A2)," ",REPT(" ",50)),50)),",",""))
```

பாக்க பெருசா இருக்கு, செய்யறது ஒரே வேலை: ஒவ்வொரு ஸ்பேஸையும் 50 ஸ்பேஸா ஊதிப் பெருசாக்கிட்டு வலது ஓரத்துலேருந்து 50 எழுத்த வெட்டுது, அதுல கடைசி வார்த்தை மட்டும்தான் மாட்டும், அப்புறம் கமாவ எடுத்துட்டு நம்பரா மாத்துது. அத கீழ வரைக்கும் இழுத்து விடுங்க. C3-ல இது:

```
=ROUND(B3-B2,2)
```

இதையும் கீழ இழுத்தா C காலத்துல வர்றது: -2310, 1500, 1500, -9000, -3540, 1500. மைனஸ் எல்லாம் செலவு, மத்தது வரவு. இனி கண்ணால ஒரு வேலை இருக்கு, அத விட்றாதீங்க: C-ல வந்த தொகையும் அந்த வரில பேலன்ஸுக்கு முன்னாடி எழுதியிருக்கற தொகையும் ஒண்ணான்னு ஒவ்வொரு வரியா பாக்கணும். EB வரில 2,310, C-லயும் 2310, சரி. அக்கா வீட்டு வரி 1,500, C-ல பிளஸ் 1500, ஆக அது வந்த பணம்தான்.

இந்த ஒத்துப் பாக்கறது எதுக்குன்னா, காப்பி பண்றப்ப ஒரு வரி விட்டுப்போனா இங்கதான் மாட்டும். உதாரணத்துக்கு FLAT 3A வரி பக்கம் மாறுற இடத்துல இருந்து நாம இழுக்கறப்ப விட்டுப்போச்சுன்னு வைங்க. அப்ப செக்யூரிட்டி வரிக்கு மேல இருக்கறது 17,640, கழிச்சா 10,140 - 17,640 = -7,500 வரும், ஆனா வரில எழுதியிருக்கறது 9,000. வித்தியாசம் 1,500, விட்டுப்போன வரியோட தொகையும் அதே 1,500. எங்க விட்டுப்போச்சு எவ்வளவு விட்டுப்போச்சுன்னு ரெண்டையும் அதுவே காட்டிக் குடுத்துருது.

சில இடத்துல இது அப்படியே ஓடாது. ஸ்டேட்மென்ட்ல புது தேதி மேலயும் பழைய தேதி கீழயும் இருந்தா கழிக்கிற வரிசை மாறிரும், முதல்ல தலைகீழா அடுக்கிட்டு ஆரம்பிங்க. பேலன்ஸுக்குப் பின்னாடி Cr-ன்னு ஒட்டியிருந்தா ஃபார்முலா #VALUE! காட்டும், Find and Replace-ல அத எடுத்துடுங்க. Dr-ன்னு இருந்தா மட்டும் எடுத்துட்டு விட்றக்கூடாது, அது ஓவர்டிராஃப்ட், அந்த பேலன்ஸ் மைனஸ்ல இருக்குன்னு அர்த்தம், கையால மைனஸ் போடணும், இல்லன்னா வரவும் செலவும் தலைகீழா மாறிரும். விவரம் நீளமா இருந்து ரெண்டாவது வரிக்கு மடிஞ்சிருந்தா அந்த ரெண்டாவது துண்டு நம்பர் இல்லாத தனி வரியா வரும், அதுலயும் #VALUE! காட்டும், அத மேல் வரியோட சேத்துட்டு அந்த வரிய எடுத்துடுங்க. ஆனா துண்டு UPI ரெஃபரன்ஸ் நம்பர்ல முடிஞ்சிருந்தா ஃபார்முலா அதையே பேலன்ஸ்னு எடுத்துக்கும், எரர் காட்டாது. C-ல கோடிக்கணக்குல ஒரு நம்பர் வந்து நின்னா இதுதான் காரணம்.

சில ஸ்டேட்மென்ட்ல வரி வரியா வராம காலம் காலமா வரும், முதல்ல தேதி எல்லாம் மொத்தமா, அப்புறம் விவரம் எல்லாம், அப்புறம் நம்பர் எல்லாம். அந்த ஃபைல எழுதுன சாஃப்ட்வேர் அந்த வரிசைல உத்தரவு போட்டிருக்கும். அப்ப நம்ம உதாரணத்துல வித்ட்ராயல் மூணு நம்பர், டெபாசிட் மூணு நம்பர், பேலன்ஸ் ஓப்பனிங்கோட சேத்து ஏழு நம்பர்னு வந்து நிக்கும், எது எந்த தேதிக்குன்னு பக்கத்துல பக்கத்துல வச்சா ஒட்டாது. இங்கயும் ஓப்பனிங் பேலன்ஸ மேல வச்சுட்டு மிச்ச ஆறு பேலன்ஸையும் தேதி ஆறுக்கு நேரா வச்சு கழிச்சாலே போதும், மத்த ரெண்டும் தேவையே இல்ல, சரிபாக்க மட்டும் வச்சுக்கலாம்.

இவ்வளவு கஷ்டப்படாம காலத்தோடயே எடுக்க முடியாதான்னா, முடியும். முதல்ல நெட்பேங்கிங்ல போய் ஸ்டேட்மென்ட் டவுன்லோட் பண்ற இடத்துல எக்ஸெல் இல்ல சிஎஸ்வி இருக்கான்னு பாருங்க, இருந்தா பிடிஎஃப் பக்கமே போக வேணாம். அது இல்லாம பிடிஎஃப் மட்டும்தான் கையில இருக்குன்னா, கம்ப்யூட்டர்ல கமாண்ட் அடிச்சுப் பழக்கம் உள்ளவங்களுக்கு பாப்ளர்னு ஒரு இலவச தொகுப்பு இருக்கு, அதுல இது:

```
pdftotext -layout -upw PASSWORD june.pdf june.txt
```

PASSWORD-ங்கற இடத்துல ஸ்டேட்மென்ட் பாஸ்வேர்ட போடணும், பாஸ்வேர்ட் இல்லாத ஃபைல்னா -upw-யும் அதுவும் வேணாம். இங்க முக்கியமானது -layout. அது இடைவெளிய ஒரே ஸ்பேஸா சுருக்காம, பக்கத்துல எவ்வளவு தள்ளி இருக்கோ அதுக்கேத்த மாதிரி ஸ்பேஸ் போட்டு நிரப்பும், அதனால காலி கட்டம் காலியாவே தெரியும். வந்த ஃபைல நோட்பேட்ல Consolas மாதிரி எல்லா எழுத்தும் ஒரே அகலம் இருக்கற ஃபான்ட்ல பாக்கணும், வேற ஃபான்ட்ல பாத்தா கோணல் மாணலா தெரிஞ்சு ஏமாத்தும். அப்புறம் எக்ஸெல்ல Text to Columns-ல Fixed width எடுத்து நீங்களே கோடு கிழிச்சுப் பிரிச்சுக்கலாம்.

கமாண்ட் வேணாம்னா புது எக்ஸெல்ல Data → Get Data → From File → From PDF இருக்கு, இல்ல டாபுலான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், டேபிள் இருக்கற இடத்த கட்டம் போட்டுக் காமிச்சா பிரிச்சுக் குடுக்கும். கோடு போட்ட டேபிளுக்கு Lattice, கோடு இல்லாததுக்கு Stream. ஆனா இதெல்லாமே இடத்த வச்சு ஊகிக்கறதுதான். தலைப்பு கட்டத்தோட நடுவுல இருக்கும், நம்பர் வலது ஓரத்த ஒட்டி இருக்கும், அதனால 6,600.00-ம் 18,450.00-ம் ஒரே காலத்துல இருந்தாலும் ஆரம்பிக்கற இடம் வேற வேற, அதுல அதுங்க தடுமாறும். ஒரு பக்கத்துல செக்கே வரலன்னா அந்தப் பக்கத்துக்கு செக் நம்பர் காலத்துக்கு கீழ ஒண்ணுமே இல்ல, சில நேரம் அந்த ஒரு பக்கம் மட்டும் அஞ்சு காலமா வந்து நிக்கும், அதுக்குப் பின்னாடி எல்லாம் ஒரு கட்டம் நகந்துரும். அதனால இதுல எடுத்தாலும் அந்த பேலன்ஸ் கழிக்கற சோதனை மட்டும் நான் விடறதில்ல.

ரெண்டு விஷயம் தனியா சொல்லணும். ஸ்டேட்மென்ட்ட மவுஸால இழுத்தா ஒரு எழுத்து கூட செலக்ட் ஆகலன்னா அது பெரும்பாலும் ஸ்கேன் பண்ண படம், மேல சொன்ன டாபுலாவோ pdftotext-ஓ அதுல வேலைக்கு ஆகாது, ஓசிஆர் போட்டு எழுத்தா மாத்தணும், அதுல 1-ம் 7-ம், 3-ம் 8-ம் மாறும், பேலன்ஸ் சோதனைல அது பிடிபடும். இன்னொண்ணு, பிடிஎஃப்ப எக்ஸெல்லா மாத்தித் தர்றோம்னு சொல்ற வெப்சைட்ல பேங்க் ஸ்டேட்மென்ட்ட ஏத்தாதீங்க, அக்கவுன்ட் நம்பர், யார் யார் எவ்வளவு கட்டுனாங்க எல்லாம் அதுல இருக்கு, அது நம்ம பணம் மட்டும் இல்லல்ல.

பேலன்ஸ் மாதிரி ஒரு காலம் எல்லா டேபிள்லயும் கிடைக்காது. பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்ட காப்பி பண்ணி "104 98 70-100"னு வந்தா இன்னிக்கு எடுத்தது 104-ஆ, போன தடவ எடுத்தது 104-ஆன்னு கணக்குப் போட்டு கண்டுபிடிக்க வழியே இல்ல. அந்த மாதிரி டேபிள டாக்டருக்கோ வீட்டுக்கோ அனுப்பணும்னா காப்பி பண்ணாதீங்க, பிடிஎஃப்பயே அனுப்புங்க, இல்ல தலைப்பு வரியும் சேந்து வர்ற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க.

ஜூன் கணக்க மறுபடி இந்த முறைல போட்டேன். வந்தது 1,500 மூணு, மொத்தம் 4,500. போனது 2,310, 9,000, 3,540, மொத்தம் 14,850. 18,450-ல 4,500-அ கூட்டி 14,850-அ கழிச்சா 8,100, ஸ்டேட்மென்ட்டோட கடைசி வரில இருக்கற அதே 8,100. அத குரூப்ல போட்டுட்டு அக்காவுக்கு போன் பண்ணி, உங்க 1,500 வரவுலதான் இருக்கு, 05-06 தேதில ஏறியிருக்குன்னு சொன்னேன்.